நேர்க்கோட்டின் சமன்பாடு சரிதானா? இரண்டு புள்ளிகளையும் சாய்வின் குறியையும் வைத்துப் பார்க்கும் முறை

இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, அவற்றின் வழியாகப் போகும் நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. விடை சரியா என்று பார்க்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். கேள்வியில் கொடுத்த அதே இரண்டு புள்ளிகளே விடையைச் சோதிக்கவும் போதும். கூடவே சாய்வின் குறியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால், தப்பு எந்த இடத்தில் நடந்திருக்கிறது என்பதுகூடப் பல நேரம் தெரிந்துவிடும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் இந்தச் சோதனையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பையன் ஒருநாள் நோட்டை நீட்டி, "சார், புள்ளியைப் போட்டுப் பாத்துட்டேன், கரெக்டா வருது" என்றான். உண்மையாகவே வந்தது. ஆனால் விடை தப்பு. அவன் போட்டுப் பார்த்தது முதல் புள்ளியை மட்டும். அந்தப் புள்ளியை வைத்துத்தான் அவன் சமன்பாட்டையே முடித்திருந்தான், அதனால் அது சரியாக வராமல் இருக்க வழியே இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் சுலபம். அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுக்கிறேன்.

கட்டுரை முழுக்கப் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். புள்ளிகள் A(−3, 7), B(5, −9). இவற்றின் வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு வேண்டும்.

முதலில் குறி, அப்புறம்தான் கணக்கு

சாய்வைக் கணக்கிடுவதற்கு முன்பே அதன் குறி மிகையா குறையா என்று சொல்லிவிட முடியும், சொல்லியும் வைத்துவிட வேண்டும். சாய்வைச் சில புத்தகங்களில் படித்திறன் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். கோட்டின் மேல் இடமிருந்து வலமாக நடந்தால் மேலே ஏறுகிறோமா கீழே இறங்குகிறோமா என்பதுதான் குறி. ஏறினால் மிகை, இறங்கினால் குறை.

இங்கே இடமிருந்து வலமாக என்பது முக்கியம். A, B இரண்டில் எது இடப்பக்கம் இருக்கிறது என்று x மதிப்பை வைத்துப் பாருங்கள். −3 என்பது 5-ஐ விடச் சிறியது, ஆகவே A இடப்பக்கம். அங்கே உயரம் 7. வலப்பக்கம் B-க்கு வந்தால் உயரம் −9. ஏழிலிருந்து மைனஸ் ஒன்பதுக்கு என்றால் இறக்கம்தானே? ஆகவே சாய்வு குறை எண்ணாகத்தான் இருக்க வேண்டும். நோட்டின் ஓரத்தில் "m குறை" என்று எழுதி வைத்துவிட்டு மேலே போங்கள்.

கேள்வியில் புள்ளிகளை B முதலில், A அப்புறம் என்று மாற்றிக் கொடுத்திருந்தால் இங்கே ஒரு சறுக்கல் நடக்கும். (5, −9), (−3, 7) என்று படிக்கும்போது y மதிப்பு −9-லிருந்து 7-க்கு ஏறுகிற மாதிரித் தெரியும். அதை மட்டும் பார்த்து "ஏறுது, மிகை" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த வரிசையில் x 5-லிருந்து −3-க்குக் குறைகிறது, அதாவது நாம் வலமிருந்து இடமாகப் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறோம். புள்ளிகள் எந்த வரிசையில் வந்தாலும் சிறிய x உள்ளதை மனதில் முதலில் வைத்துக்கொண்டுதான் ஏற்றமா இறக்கமா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு அச்சுகளைக் கையால் கிறுக்கி, இரண்டு புள்ளிகளையும் தோராயமாக வைத்துப் பாருங்கள். அளவு சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, எது எந்தப் பக்கம், எது மேலே என்று தெரிந்தால் போதும்.

இதை ஏன் கணக்குப் போடுவதற்கு முன்பே செய்யச் சொல்கிறேன் என்றால், விடை வந்த பிறகு குறியைப் பார்த்தால், வந்திருக்கும் குறிக்கு ஏற்ற மாதிரியே கண்ணும் பார்க்கும். முன்னாடியே எழுதி வைத்துவிட்டால் அப்படி ஏமாற வாய்ப்பில்லை.

சமன்பாட்டைக் கண்டுபிடிப்பது

இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாகவே போகிறேன். y-களின் வித்தியாசத்தை x-களின் வித்தியாசத்தால் வகுத்தால் சாய்வு.

```
m = (−9 − 7) / (5 − (−3)) = −16 / 8 = −2
```

ஓரத்தில் எழுதிய "குறை" ஒத்துப்போகிறது. அடுத்து y = mx + c என்பதில் A-யைப் போட்டு c-யைக் கண்டுபிடிக்கலாம்.

```
7 = −2 × (−3) + c
7 = 6 + c
c = 1
```

ஆகவே y = −2x + 1. இதுதான் நம் விடை, இனி சோதனை.

ஒரு புள்ளி ஏன் போதாது

இப்போது வேண்டுமென்றே சாய்வைத் தப்பாக எடுத்துப் பார்ப்போம். நான் m = 100 என்று வைத்துக்கொள்கிறேன். எந்த நியாயமும் இல்லாத எண். அதை வைத்துக்கொண்டு A-யைப் போட்டு c-யைக் கண்டுபிடித்தால், 7 = −300 + c, அதாவது c = 307. சமன்பாடு y = 100x + 307. இதில் A-யைப் போட்டுச் சோதித்தால் என்ன ஆகும்? 100 × (−3) + 307 = 7. சரியாக வருகிறது!

m எதுவாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். c என்பதே, A சரியாக வரும்படி நாம் தேர்ந்தெடுத்த எண். A வழியாகப் போகும் கோடுகள் எண்ணிலடங்காமல் இருக்கின்றன, ஒரு ஆணியில் மாட்டிய குச்சியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழற்றலாம் என்பதைப் போல. A சரியாக வருவது குச்சி ஆணியில் மாட்டியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது, எந்தத் திசையில் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. திசையை முடிவு செய்வது இரண்டாவது ஆணி, அதாவது B. அதே y = 100x + 307-இல் B-யைப் போட்டால் 500 + 307 = 807, நமக்கு வேண்டியதோ −9.

அதனால் ஒரு புள்ளியைத்தான் சோதிக்க நேரம் இருக்கிறது என்றால், c-யைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தாத புள்ளியைச் சோதியுங்கள். முடிந்தால் இரண்டையும் சோதியுங்கள், ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

இரண்டும் சரியாக வந்துவிட்டால் மூன்றாவதாக ஏதாவது ஒரு புள்ளியைத் தேட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். வெவ்வேறான இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்க்கோடுதான் போக முடியும். உங்கள் சமன்பாடு ஒரு நேர்க்கோட்டைக் குறித்து, அதில் இரண்டு புள்ளிகளும் இருந்தால், அதுதான் அந்தக் கோடு. நடுப்புள்ளியை எடுத்துப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. முனைகள் இரண்டும் சரியாக இருந்தால் நடுப்புள்ளி தானாகவே சரியாக வரும், அதனால் புதிதாக எதுவும் தெரிய வராது.

போட்டுப் பார்க்கும்போது எழுதும் விதம்

சோதனையிலேயே தப்புச் செய்வதுதான் எல்லாவற்றையும் விடத் தொல்லை. சரியான விடையைத் தப்பு என்று அடித்துவிடுவோம், இல்லையென்றால் தப்பான விடைக்கு டிக் போட்டுவிடுவோம். இரண்டு பழக்கம் இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

ஒன்று, முதல் வரியிலேயே 7 = −2 × (−3) + 1 என்று சமக்குறி போட்டு எழுத வேண்டாம். சமமா என்பதைத்தானே சோதிக்கிறோம்? முன்கூட்டியே சமம் என்று எழுதிவிட்டால், கை எப்படியாவது சமமாக்கத்தான் பார்க்கும். இடப்பக்கத்தைத் தனியாக, வலப்பக்கத்தைத் தனியாக எழுதி, கடைசியில் ஒப்பிடுங்கள்.

```
A(−3, 7):
இடப்பக்கம்  = 7
வலப்பக்கம்  = −2 × (−3) + 1 = 6 + 1 = 7

B(5, −9):
இடப்பக்கம்  = −9
வலப்பக்கம்  = −2 × (5) + 1 = −10 + 1 = −9
```

இரண்டாவது பழக்கம் அடைப்புக்குறி. x இருந்த இடத்தில் அடைப்புக்குறியை முதலில் போட்டுவிட்டு அதற்குள் எண்ணை எழுதுங்கள், எண் மிகையாக இருந்தாலும் சரி. −2 × −3 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், அடுத்த வரிக்குப் போகும்போது ஒரு மைனஸ் காணாமல் போய் −6 ஆகிவிடும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். அடைப்புக்குறி போட்டிருந்தால் அந்த மைனஸ் கண்ணில் படும்.

இரண்டையும் ஏன் சோதிக்க வேண்டும்: தப்பு எங்கே என்று அதுவே சொல்லும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். விடை தப்பு என்று தெரிந்ததும் பலர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். தேவையே இல்லை. இரண்டு புள்ளிகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தாலே தப்பு சாய்விலா வெட்டுத்துண்டிலா என்று தெரிந்துவிடும்.

நம் கணக்கிலேயே, சாய்வு −2 என்று சரியாக வந்த பிறகு, c கண்டுபிடிக்கும் வரியில் −2 × (−3) என்பதை −6 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 7 = −6 + c, ஆகவே c = 13. விடை y = −2x + 13. குறி சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் சாய்வு சரியாகத்தானே இருக்கிறது. புள்ளிகளைப் போட்டால்:

```
A: வலப்பக்கம் = −2 × (−3) + 13 = 19,  வேண்டியது 7,   அதிகம் 12
B: வலப்பக்கம் = −2 × (5) + 13 = 3,    வேண்டியது −9,  அதிகம் 12
```

இரண்டும் தப்பு, ஆனால் இரண்டும் ஒரே அளவு தப்பு. கோடு சரியான சாய்வோடு 12 அலகு மேலே தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் சாய்வைத் தொடவே வேண்டாம், c-யில் மட்டும் 12-ஐக் குறைத்தால் 1, அதுதான் சரியான வெட்டுத்துண்டு. எங்கே தப்பினோம் என்று தேடவும் c கண்டுபிடித்த இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். c கண்டுபிடிக்கும்போது −2 × (−3) = −6 என்று எழுதியவர், சோதிக்கும்போதும் அதே தப்பை மறுபடி செய்ய வாய்ப்பு அதிகம், ஒரே மனம், ஒரே அவசரம். அப்போது A-க்கு −6 + 13 = 7 என்று வந்து, அவர் டிக் போட்டுவிடுவார். B-யில் x மிகை எண் என்பதால் அந்தத் தப்புக்கு அங்கே இடமே இல்லை, 3 என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். பையனுக்கு நான் சொன்னதும் இதைத்தான்: எந்தப் புள்ளியில் குறி குழப்பம் இல்லையோ அதைக் கட்டாயம் போட்டுப் பார்.

இப்போது மற்ற வகை. ஒரு புள்ளி சரியாக வந்து இன்னொன்று வரவில்லை என்றால் சாய்வுதான் தப்பு. இதற்கு மூன்று உதாரணம் பார்க்கலாம், மூன்றும் நான் அடிக்கடி பார்ப்பவை.

வரிசையைக் கலந்துவிடுவது ஒன்று. மேலே A-யிலிருந்து B-யைக் கழிப்பார்கள், கீழே B-யிலிருந்து A-யை. (7 − (−9)) / (5 − (−3)) = 16/8 = 2. A-யைப் போட்டு c = 13, விடை y = 2x + 13. ஓரத்தில் "m குறை" என்று எழுதி வைத்திருந்தால் இங்கேயே நின்றுவிடலாம், c வரைக்கும் போக வேண்டியதே இல்லை. வரிசை கலந்தால் எண் அப்படியே இருந்து குறி மட்டும் மாறும் என்பதால், குறி சோதனை இந்தத் தப்பைத் தப்பாமல் பிடிக்கும். கோடு கிடையாக இருந்தால் மட்டும் சாய்வு 0, மாற ஒன்றுமில்லை.

இரண்டாவது, கீழே 5 − (−3) என்பதை 5 − 3 என்று எழுதிவிடுவது. −16/2 = −8 வரும். குறி குறைதான், ஆகவே குறி சோதனையில் தேறிவிடும்! A-யைப் போட்டால் 7 = 24 + c, c = −17. விடை y = −8x − 17. A-யைச் சோதித்தால் 24 − 17 = 7, சரி. B-யைச் சோதித்தால்தான் −40 − 17 = −57 என்று குட்டு உடைகிறது.

மூன்றாவது, மேல் கீழ் மாற்றி வகுப்பது: 8/(−16) = −1/2. இதுவும் குறை எண், குறி தேறிவிடும். c = 11/2, விடை y = −x/2 + 11/2. B-யில் −5/2 + 11/2 = 3, வேண்டியது −9.

ஆக, குறி மட்டும் போதாது என்பதும் தெரிகிறது. கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும்தான் குறி சொல்லும், எவ்வளவு செங்குத்தாக என்பதைச் சொல்லாது. அதற்கு இரண்டாவது புள்ளிதான் சாட்சி.

சாய்வு எவ்வளவு தப்பு என்பதைக்கூட இந்த விலகலிலிருந்தே எடுத்துவிடலாம். y = −8x − 17-இல் B-க்கு −57 வந்தது, வேண்டியது −9, ஆகவே −48 விலகல். A-யிலிருந்து B வரை x 8 அலகு நகர்கிறது. −48-ஐ 8-ஆல் வகுத்தால் −6. அதாவது ஒவ்வொரு அலகுக்கும் நம் கோடு 6 கூடுதலாக இறங்கியிருக்கிறது. −8-லிருந்து −6-ஐக் கழித்தால் −2, சரியான சாய்வு வந்துவிட்டது. ஆரம்பத்தில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்றில்லை, திரும்பச் சாய்வைக் கணக்கிட்டாலே போதும். ஆனால் புதிதாக வந்த சாய்வு இதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஆசையாக இருக்கும், பாருங்கள்.

இரண்டு புள்ளிகளும் வெவ்வேறு அளவில் விலகினால்? சாய்வு நிச்சயம் தப்பு, c-யும் தப்பாக இருக்கலாம். இல்லையென்றால் சமன்பாட்டை வேறு வடிவத்துக்கு மாற்றிய இடத்தில் குறி தவறியிருக்கும். கடைசியில் சொன்னது நிறைய நடப்பதால் அதைத் தனியாகப் பார்த்துவிடலாம்.

ax + by + c = 0 வடிவத்துக்கு மாற்றிய பிறகு

பல கேள்விகளில் விடையை எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து பின்னமில்லாமல் தரச் சொல்வார்கள். y = −2x + 1 என்பது 2x + y − 1 = 0 ஆகும். இங்கே புதியவர்கள் தடுமாறுவது, x-க்கு முன்னால் +2 இருப்பதைப் பார்த்து "சாய்வு மிகையாகிவிட்டதே" என்று பயப்படுவது. இந்த வடிவத்தில் x-இன் கெழு சாய்வு இல்லை. y-யைத் தனியாக்கினால்தான் சாய்வு தெரியும். y-யைத் தனியாக்காமலேயே குறியைப் பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: x, y இரண்டும் ஒரே பக்கம் இருக்கும்போது அவற்றின் கெழுக்கள் ஒரே குறியாக இருந்தால் சாய்வு குறை, வெவ்வேறு குறியாக இருந்தால் சாய்வு மிகை. 2-உம் 1-உம் ஒரே குறி, ஆகவே இறங்கும் கோடு. நம் ஓரக்குறிப்போடு ஒத்துப்போகிறது.

சோதனையும் இங்கே இன்னும் எளிது, எல்லாவற்றையும் போட்டால் பூச்சியம் வர வேண்டும், அவ்வளவுதான். A-க்கு 2(−3) + 7 − 1 = 0. B-க்கு 2(5) + (−9) − 1 = 0.

பின்னம் வரும் கணக்கில் இதன் அருமை தெரியும். P(−2, −1), Q(4, 3) என்று எடுத்துக்கொள்வோம். P இடப்பக்கம், Q வலப்பக்கம், உயரம் −1-லிருந்து 3-க்கு ஏறுகிறது, ஆகவே மிகை. சாய்வு 4/6, அதாவது 2/3. P-யைப் போட்டு c = 1/3. y = (2/3)x + 1/3. மூன்றால் பெருக்கி 3y = 2x + 1, மாற்றி எழுதினால் 2x − 3y + 1 = 0. கெழுக்கள் 2, −3, வெவ்வேறு குறி, ஆகவே மிகைச் சாய்வு. P-க்கு −4 + 3 + 1 = 0, Q-க்கு 8 − 9 + 1 = 0. முடிந்தது.

இதே கணக்கில் மாற்றும்போது நடக்கும் இரண்டு தப்புகளைப் பாருங்கள். 3y-யை மறுபக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறந்தால் 2x + 3y + 1 = 0. கெழுக்கள் ஒரே குறி, இறங்கும் கோடு, ஆனால் நம் புள்ளிகள் ஏறுகின்றன. போட்டுப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. இன்னொரு தப்பு, மூன்றால் பெருக்கும்போது கடைசியில் உள்ள 1/3-ஐ மட்டும் பெருக்க மறந்து 3y = 2x + 1/3 என்று எழுதுவது. மறுபடி மூன்றால் பெருக்கினால் 6x − 9y + 1 = 0. கெழுக்கள் வெவ்வேறு குறி, ஆகவே குறி சோதனையில் தேறும். P-யைப் போட்டால் −12 + 9 + 1 = −2. Q-வைப் போட்டால் 24 − 27 + 1 = −2. பூச்சியம் வரவில்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே −2. மேலே பார்த்த அதே சங்கதிதான், சாய்வு சரி, தனி எண் மட்டும் தப்பு. 1 இருக்கும் இடத்தில் 3 இருந்தால் பூச்சியம் வரும்: 6x − 9y + 3 = 0, மூன்றால் வகுத்தால் 2x − 3y + 1 = 0.

பின்னத்தைத் தசமமாக்கி y = 0.67x + 0.33 என்று எழுதிவிட்டுச் சோதிக்காதீர்கள். P-க்கு −1.01, Q-வுக்கு 3.01 என்று வரும். இது தப்பா, தோராயத்தால் வந்த வித்தியாசமா என்று நீங்களே சந்தேகப்பட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பின்னமாகவே வைத்துக்கொண்டால் சரி என்றால் துல்லியமாகச் சரி, இல்லையென்றால் தப்பு, நடுவில் ஒன்றும் இல்லை.

உங்கள் விடை 4x + 2y − 2 = 0 என்று வந்து, புத்தகத்தில் 2x + y − 1 = 0 என்று இருந்தால் கலங்க வேண்டாம். இரண்டு புள்ளிகளும் உங்கள் சமன்பாட்டில் சரியாக வருகின்றனவா? வந்தால் அது அதே கோடுதான், பொதுக் காரணியால் வகுக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இந்தச் சோதனைக்கும் தெரியாத ஒரு தப்பு

கேள்வியிலிருந்து புள்ளியை நோட்டுக்கு எடுத்து எழுதும்போதே தப்பினால், நோட்டில் உள்ளதை வைத்துச் செய்யும் எந்தச் சோதனையும் உதவாது. A(−3, 7) என்பதை (3, 7) என்று எழுதிவிட்டால் சாய்வு −16/2 = −8, சமன்பாடு y = −8x + 31. நோட்டில் இருக்கும் (3, 7)-ஐப் போட்டால் −24 + 31 = 7. B-யைப் போட்டால் −40 + 31 = −9. இரண்டும் சரி! குறியும் குறை, அதுவும் சரி. விடை மட்டும் தப்பு. கேள்வித்தாளில் உள்ள −3-ஐப் போட்டால்தான் 24 + 31 = 55 என்று தெரியும்.

x-ஐயும் y-யையும் இடம் மாற்றி (7, −3), (−9, 5) என்று எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். y = −x/2 + 1/2 என்று ஒரு சமன்பாடு வரும், மாற்றி எழுதிய இரண்டு புள்ளிகளுக்கும் அது பொருந்தும். இடம் மாற்றினாலும் சாய்வின் குறி மாறாது என்பதால் குறியும் எச்சரிக்காது.

ஆகவே சோதிக்கும்போது எண்களை நோட்டின் மேல்வரியிலிருந்து எடுக்காமல் கேள்வியிலிருந்தே படித்துப் போடுங்கள். விரலைக் கேள்வியின் மேல் வைத்துக்கொண்டு "x மைனஸ் மூணு, y ஏழு" என்று வாய்க்குள் சொல்லிப் போட்டால் போதும். எடுத்து எழுதியதில் தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

குறியே இல்லாத இரண்டு கோடுகள்

(−1, 6), (3, 6) என்று y இரண்டும் ஒன்றாக இருந்தால் கோடு கிடையாகப் போகும், சாய்வு 0, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. சமன்பாடு y = 6. சோதனை என்றால் இரண்டு புள்ளியிலும் y ஆறுதானா என்று பார்ப்பது மட்டும்.

(4, −2), (4, 5) என்று x இரண்டும் ஒன்றாக இருந்தால் கீழே பூச்சியம் வந்து வகுக்கவே முடியாது. சாய்வு வரையறுக்கப்படவில்லை, y = mx + c வடிவத்தில் இதை எழுதவும் முடியாது. சமன்பாடு x = 4. இதையும் y = 4-ஐயும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். (4, −2)-ஐ y = 4-இல் போட்டுப் பாருங்கள், −2 எப்படி 4 ஆகும்? உடனே தெரிந்துவிடும்.

நீங்களே பார்க்க ஒன்று

புள்ளிகள் (−4, −5), (2, 7). நான்கு பேர் நான்கு விடை எழுதியிருக்கிறார்கள்: y = −2x − 13, y = 2x − 3, 4x − 2y + 6 = 0, y = x/2 − 3. கணக்கைப் போடாமல், குறியையும் இரண்டு புள்ளிகளையும் மட்டும் வைத்து எது சரி, மற்றவர்கள் எங்கே தவறினார்கள் என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் கீழே படியுங்கள்.

−4-லிருந்து 2-க்கு வலப்பக்கம் போகும்போது உயரம் −5-லிருந்து 7-க்கு ஏறுகிறது, ஆகவே மிகை. முதல் விடை குறியிலேயே அடிபட்டது, ஆனாலும் முதல் புள்ளியைப் போட்டால் 8 − 13 = −5 என்று சரியாக வரும், அவர் அதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருப்பார். இரண்டாவதில் முதல் புள்ளிக்கு −11, அடுத்ததற்கு 1, இரண்டும் 6 குறைகிறது, ஆகவே சாய்வு சரி, c-தான் −3-க்குப் பதில் 3 ஆக வேண்டும். மூன்றாவதில் −16 + 10 + 6 = 0, 8 − 14 + 6 = 0, கெழுக்களும் வெவ்வேறு குறி, இதுதான் சரியான விடை. இரண்டால் வகுத்தால் இன்னும் அழகாக 2x − y + 3 = 0. நான்காவதில் முதல் புள்ளி −2 − 3 = −5 என்று சரியாக வருகிறது, குறியும் மிகை, ஆனால் இரண்டாவது புள்ளிக்கு 1 − 3 = −2. சாய்வு 2 வர வேண்டிய இடத்தில் 1/2 வந்திருக்கிறது, மேல் கீழ் மாற்றி வகுத்திருக்கிறார்.